ஐந்து புள்ளி இரண்டு

கண் டாக்டரின் கடிதம் திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு வந்தது. ஆய்வுக்கூடத்தில் அந்த நேரம் கூட்டம் மொய்க்கும். ஜன்னலுக்கு வெளியே வரிசை, உள்ளே குழாய்களின் வரிசை, நடுவில் நான்கு இயந்திரங்களின் இரைச்சல். கடிதத்தைப் பிரித்து நின்றபடியே படித்த அக்கா, இன்னொரு முறை படிப்பதற்காக உட்கார்ந்தாள்.

அந்த மருத்துவமனையில் அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிட நாலு வயது மூத்த தலைமை மருத்துவர்கூட அப்படித்தான். ரத்தப் பரிசோதனையில் முப்பத்தோரு வருடம் பழம் தின்று கொட்டை போட்டவள். அவள் கையெழுத்துப் போட்ட தாளை யாரும் திருப்பிக் கேட்டதில்லை. கேட்டால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும், அதனாலும் கேட்டதில்லை.

கடிதம் மூன்றே வரி. நோயாளிக்கு இடது கண்ணுக்குள் ரத்தம் கசிந்து பார்வை போய்விட்டது. வலது கண்ணிலும் சர்க்கரையால் வந்த சேதம் முற்றிக்கொண்டிருக்கிறது. ‘ஆனால் உங்கள் அறிக்கையில் மூன்று மாதச் சர்க்கரை 5.2 என்று இருக்கிறது. இது 5.2 உள்ளவருடைய கண் அல்ல. குழாய் மாறியிருக்குமோ?’

நோயாளி அக்காவின் கூடப் பிறந்த தம்பி.

குழாய் மாறியிருக்குமோ என்று ஒரு ஆய்வுக்கூடத்தைக் கேட்பது, சமைத்தவளிடம் கை கழுவினாயா என்று கேட்பதைப் போல. கேட்பவருக்கு அது சாதாரணக் கேள்வி. அக்காவுக்குக் காது மடல் வரை சுட்டது.

தம்பி டவுன் பஸ் ஓட்டுகிறவன். நாற்பத்தெட்டு வயது. சர்க்கரை வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. அதில் கடைசி எட்டு வருடமாக நாலு மாதத்துக்கு ஒரு தடவை அக்காவிடம் கை நீட்டி ரத்தம் கொடுக்கிறான். மூன்று மாதச் சர்க்கரைப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை என்பதால், விடியற்காலை ஷிப்டு முடிந்து காக்கிச் சட்டையோடு வந்துவிட்டுப் போக அவனுக்கு அது வசதி. ஒவ்வொரு தடவையும் 5.2, 5.1, 5.3. சர்க்கரையே இல்லாதவர்களுக்கு வரும் எண். அக்கா அந்த எண்ணைத் தலையில் தூக்கி வைத்து ஆடினாள். ஒன்பதும் பத்தும் வாங்கிக்கொண்டு முகம் தொங்கி நிற்கும் நோயாளிகளிடம், “என் தம்பிக்கும் சக்கரைதான். பஸ் ஓட்டுறான், நேரத்துக்குச் சாப்பாடு கிடையாது. அவனால முடியுது, உங்களால ஏன் முடியல?” என்று கேட்பாள். அவர்கள் தம்பியைப் பார்க்காமலே வெறுத்தார்கள்.

இந்தக் கொண்டாட்டத்தில் சேராத ஒரே ஆள் தம்பியின் மனைவி. அவள் வீட்டில் ஒரு சின்னக் கருவி வைத்துக்கொண்டு அவன் விரலைக் குத்திக் குத்திப் பார்த்து, கோடு போட்ட நோட்டில் எழுதுவாள். காலை 198, மாலை 241, மறுநாள் 226. நோட்டைத் தூக்கிக்கொண்டு அக்காவிடம் வருவாள், அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். அக்கா அவளுக்கு நோட்டுக்காரி என்று பெயரே வைத்திருந்தாள்.

“விரலைக் கழுவிட்டுக் குத்தினியா?” என்பாள் அக்கா.

“கழுவித்தான் அண்ணி குத்துறேன்.”

“ஸ்டிரிப்பு ஈரம் பட்டிருக்கும். அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி வாங்கின மெஷினு, அது வாய்க்கு வந்ததைச் சொல்லும். என் மெஷின் அப்படிச் சொல்லாது.”

நோட்டுக்காரி வாதாட மாட்டாள். நோட்டை மூடிக்கொண்டு போவாள். நாலு மாதம் கழித்து நோட்டு இன்னும் தடித்திருக்கும். சர்க்கரை டாக்டர் முன்னால் இரண்டையும் வைத்தால், அவரும் அச்சடித்த தாளைத்தான் பார்த்தார். நாற்பது தரக்கட்டுப்பாட்டு விதிகளைத் தாண்டி இயந்திரம் கொடுத்த எண்ணை விட்டுவிட்டு, பேனாவால் எழுதிய எண்ணை யார் நம்புவார்கள்? போன வருடம் ஒரு மாத்திரையைக் குறைக்கக்கூடச் செய்தார். ஆண்டுக்கொரு முறை போக்குவரத்துக் கழக மருத்துவச் சோதனையில் காலைச் சர்க்கரை பார்ப்பார்கள். அதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே தம்பி காற்றைக் குடித்து வாழ்ந்து பாஸ் ஆகிவிடுவான்.

அக்கா கடிதத்தை மடித்து வெள்ளைக் கோட்டின் பைக்குள் வைத்துக்கொண்டு, தம்பியைப் போனில் கூப்பிட்டு வரச் சொன்னாள். வந்தான். மனைவி கையைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தான். எட்டு வருடத்தில் அவன் அப்படி வந்தது அதுதான் முதல் தடவை. அக்கா தானே ஊசி போட்டு எடுத்தாள், தானே குழாயில் பெயரெழுதி ஒட்டினாள், தானே இயந்திரத்தில் வைத்தாள். 5.2. மீதியில் கொஞ்சம் எடுத்து, வேறு முறையில் வேலை செய்யும் இயந்திரம் உள்ள இன்னொரு ஆய்வுக்கூடத்துக்கு ஆட்டோவில் கொடுத்தனுப்பினாள். மத்தியானம் போன் வந்தது. 5.1.

அவளுக்கு வந்தது நிம்மதி. வெட்கப்பட வேண்டிய நிம்மதிதான், ஆனாலும் வந்தது. குழாய் மாறவில்லை, இயந்திரம் பொய் சொல்லவில்லை. கண் டாக்டருக்குச் சூடாக ஒரு பதில் எழுதத் தாளை எடுத்தாள்.

தாளுக்குப் பக்கத்தில் தாங்கியில் தம்பியின் குழாய் நின்றுகொண்டிருந்தது. மூன்று மணி நேரம் அசையாமல் நின்றதில் சிவப்பு கீழே இறங்கி, மேலே நீர் தெளிந்திருந்தது. அந்த நீர் வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டும். இது நல்ல மஞ்சளாக இருந்தது.

இத்தனை வருடத்தில் அவன் ரத்தத்தை அவள் இப்படிப் பார்த்ததே இல்லை. இந்தப் பரிசோதனைக்கு வரும் குழாயைக் குலுக்கி நேரே இயந்திரத்துக்குள் தள்ளுவார்கள். தெளிய விடுவதில்லை, கண்ணாடிச் சில்லில் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பதில்லை. கேட்காத டெஸ்டைச் செய்யாதே என்பது அந்தக் கூடத்தின் விதி. விதியைப் போட்டது அவள்தான்.

அவன் கண் மஞ்சள் என்பது குடும்பத்துக்கே தெரியும். சின்ன வயதில் தெருப் பையன்கள் மஞ்சக்கண்ணா என்று கத்துவார்கள், அவன் கல்லெடுத்துத் துரத்துவான். அப்பாவுக்கும் கண் மஞ்சள்தான். அப்பாவுக்குப் பித்தப்பையில் ஆபரேஷன் செய்தபோது எடுத்த கற்கள் கன்னங்கரேலென்று மிளகு மாதிரி இருந்தன. பிறவி மஞ்சள், வம்ச மஞ்சள், அதற்கு என்ன இப்போது என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். ஊரார் ரத்தத்தையெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவளுக்குச் சொந்தத் தம்பியின் கண் வெறும் பழக்கமாகிப் போயிருந்தது.

எழுதும் தாளைத் தள்ளி வைத்துவிட்டு, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் இழுத்தாள். உலர்த்திச் சாயம் ஏற்றிக் கழுவி, நுண்ணோக்கியில் வைத்துக் குனிந்தாள்.

நல்ல சிவப்பணுவுக்கு நடுவில் வெளுப்பு இருக்கும், இரண்டு பக்கமும் அமுங்கிய வட்டு அது. உள்ளே இருக்கும் சரக்கைவிட மேல்தோல் தாராளம், தொளதொளவென்று இருக்கும். அந்தத் தாராளத்தால்தான் தன்னைவிடக் குறுகலான இடுக்கிலும் அது மடங்கி நெளிந்து போகிறது. எலும்பு மஜ்ஜையிலிருந்து வெளியே வந்து ஏறக்குறைய நாலு மாதம் இப்படி ஓடும். அதற்கு உட்கரு கிடையாது, கிழிந்ததைத் தைத்துக்கொள்ள வழி இல்லை. ஓட ஓட மேல்தோல் துணுக்குத் துணுக்காகக் கழன்று போகும். அணு சிறுத்து, இறுகி, வளைந்து கொடுக்கும் குணத்தை இழக்கும். மேற்பரப்பில் முதுமையின் அடையாளங்கள் தெரியத் தொடங்கும். மண்ணீரலில் ஒரு மைக்ரான் அகலம்கூட இல்லாத இடுக்குகள் இருக்கின்றன. ரத்தம் அவற்றைக் கடந்துதான் மீண்டும் ஓட்டத்தில் சேர வேண்டும். இளசு நுழைந்து போய்விடும், கிழடு மாட்டிக்கொள்ளும். அங்கே விழுங்கணுக்கள் காத்திருக்கின்றன. கல்லீரலிலும் உண்டு. மாட்டியதை, அடையாளம் தெரிந்ததை, முழுசாக விழுங்கிச் செரித்துவிடும். ஒவ்வொரு விநாடியும் இருபது லட்சம் அணுக்களுக்கு மேல் இப்படிப் போகின்றன, நமக்கு ஒன்றும் தெரிவதில்லை.

தம்பியின் கண்ணாடியில் வட்டுகளைத் தேட வேண்டியிருந்தது. நடு வெளுப்பே இல்லாமல், சின்னதாய், அடர்சிவப்பாய், முட்டமுட்ட நிரம்பிய உருண்டைகள் இறைந்து கிடந்தன. இடையிடையே நீலம் பாரித்த பெரிய அணுக்கள், மஜ்ஜை அவசரம் அவசரமாகப் பெற்றுத் தள்ளிய புதிசுகள்.

அக்கா நுண்ணோக்கியை விட்டு நிமிரவில்லை. என்ன பார்க்கிறோம் என்பது அவளுக்கு முதல் பார்வையிலேயே தெரிந்துவிட்டது. இது பிறவி. மேல்தோலை உள்ளிருந்து இழுத்துப் பிடிக்கும் புரதத்தில் கோளாறு. நாலு மாதத்தில் நடக்க வேண்டிய முதுமை சில வாரத்தில் நடந்துவிடுகிறது. அணு உருண்டையாகிறது, உருண்டை மடங்காது, மண்ணீரலில் மாட்டி விழுங்கப்படுகிறது.

அப்புறம் மஞ்சள். விழுங்கணு சிவப்பணுவைச் செரிக்கும்போது சிவப்புக்குக் காரணமான ஹீமை உடைக்கும். அதன் நடுவிலிருக்கும் இரும்பைக் கழற்றி மறுபடி மஜ்ஜைக்கு அனுப்பிவிடும், உடம்பு இரும்பை வீணாக்காது. இரும்பு போன வளையம் திறந்துகொண்டு முதலில் பச்சையாகும், பிறகு மஞ்சளாகும். அடிபட்ட காயம் நிறம் மாறுவதும் இதே வேலைதான். அந்த மஞ்சள் நிறமி ரத்தத்தில் ஒரு புரதத்தின் முதுகில் ஏறிக் கல்லீரலுக்குப் போய், அங்கே தண்ணீரில் கரையும்படி மாற்றப்பட்டு, பித்தத்தோடு குடலில் இறங்கும். குடல் கிருமிகள் அதைப் பழுப்பாக்கும். மலத்தின் நிறம் அது. கொஞ்சம் உறிஞ்சப்பட்டுத் திரும்பிச் சிறுநீருக்கும் நிறம் கொடுக்கும். வரத்து அதிகமானால் கல்லீரல் திணறும், கண் மஞ்சளாகும், பித்தப்பையில் கறுத்த கல் படியும். அப்பாவின் கற்களை அவள் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறாள். அப்போதும் அவள் இந்த வேலையில்தான் இருந்தாள்.

இதையெல்லாம் அவள் பரீட்சைக்குப் படித்தவள், மற்றவர்களுக்குச் சொல்லியும் கொடுத்தவள். சொல்லிக் கொடுத்த பாடத்தின் கடைசி வரி இப்போதுதான் அவள் மேல் வந்து விழுந்தது. மூன்று மாதச் சர்க்கரை என்பது என்ன? சிவப்பணு உயிரோடு ஓடும் காலமெல்லாம் ரத்தத்துச் சர்க்கரை அதன் ஹீமோகுளோபினில் மெல்ல மெல்ல ஒட்டிக்கொண்டே வரும், ஒட்டியது போகாது. எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று அளந்து, கடந்த மூன்று மாதத்தில் சர்க்கரை எப்படி இருந்தது என்று சொல்கிறார்கள். அணு நாலு மாதம் வாழ்கிறது என்று வைத்துக்கொண்டுதான் சொல்கிறார்கள். வாழாவிட்டால்?

எட்டு வருடத்தில் இருபத்து நாலு அறிக்கை. இருபத்து நாலிலும் எண் சரி. இருபத்து நாலிலும் அர்த்தம் தப்பு.

அடுத்த இரண்டு நாளும் அவள் தன் விதியைத் தானே மீறினாள். கேட்காத டெஸ்டுகளைச் செய்தாள். உப்பின் அளவைப் படிப்படியாகக் குறைத்துப் பதினான்கு குழாய்களில் உப்புநீர் வைத்து, தம்பியின் ரத்தத்தையும் தன் ரத்தத்தையும் சொட்டுச் சொட்டாக விட்டாள். நீர்த்த உப்புநீரில் அணு தண்ணீரை இழுத்து வீங்கும். வீங்க இடமிருக்கும் வட்டு தாங்கும், ஏற்கெனவே உருண்டை சீக்கிரம் வெடிக்கும். அவளுடைய ரத்தம் இன்னும் கீழே படிந்து தெளிவாக நின்ற குழாய்களில் அவனுடையது வெடித்துச் சிவப்பாகக் கரைந்திருந்தது. ஒரே தாய் வயிற்றில் பிறந்த இருவரில் அப்பாவின் சொத்து அவனுக்குப் போயிருக்கிறது. இளம் அணுக்கள் நூற்றுக்கு ஒன்பது, இரண்டைத் தாண்டக் கூடாது. பித்த நிறமி இரண்டே முக்கால், ஒன்றை ஒட்டி இருக்க வேண்டியது. கடைசியாக, சிவப்பணுவை நம்பாமல், ரத்தத்து நீரிலுள்ள புரதங்களில் ஒட்டிய சர்க்கரையை அளக்கும் பரிசோதனைக்கு அனுப்பினாள். அது கடந்த இரண்டு மூன்று வாரத்துச் சர்க்கரையைச் சொல்லும், சிவப்பணு எத்தனை நாள் வாழ்ந்தால் அதற்கென்ன. இருநூற்று எண்பத்தைந்துக்குள் இருக்க வேண்டியது நானூற்று நாற்பது.

நோட்டில் எழுதியிருந்ததெல்லாம் உண்மை.

சர்க்கரை டாக்டர் தாள்களைப் புரட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். நல்ல மனிதர், அக்காவிடம் பயம் கலந்த மரியாதை உள்ளவர்.

“இப்ப இன்சுலின் ஆரம்பிச்சாகணும் அக்கா. ஆனா சட்டுனு இறக்கக் கூடாது, சக்கரை வேகமா இறங்கினா கண்ணு முதல்ல இன்னும் கெடும். கண் டாக்டர் லேசர் ஆரம்பிக்கட்டும், நாம கொஞ்சம் கொஞ்சமா இறக்குவோம். வலது கண்ணைக் காப்பாத்திடலாம்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “பழசையெல்லாம் ஏன் கிளறணும்? நடுவுல ஒரு மெஷின் மாத்தினீங்கல்ல, அதுல ஏதோ பிசகுன்னு ஒரு வரி எழுதிடுங்க. நானும்தானே அந்த நம்பரைப் பாத்து மாத்திரையைக் குறைச்சேன்.”

அவர் தன்னையும் சேர்த்துத்தான் காப்பாற்றப் பார்த்தார் என்பது அக்காவுக்குப் புரிந்தது. கோபம் வரவில்லை, அவளும் ஒரு நிமிடம் அதை நினைத்துப் பார்த்திருந்தாள்.

“மெஷின் மேல பழி போட்டா, நாளைக்கு வேற மெஷின்ல போய் எடுப்பான் டாக்டர். அதுவும் அஞ்சுன்னுதான் சொல்லும். அப்ப யாரை நம்புவான்?”

அறிக்கையின் அடியில் அவள் எழுதினாள்: இந்த நபருக்குச் சிவப்பணுக்களின் ஆயுள் குறைவு. மூன்று மாதச் சர்க்கரைப் பரிசோதனை இவருக்குப் பொருந்தாது. இதற்கு முன் கொடுத்த இருபத்து நாலு அறிக்கைகளையும் சிகிச்சைக்குப் பயன்படுத்தக் கூடாது. கையெழுத்துப் போட்டு, கண் டாக்டருக்கும் ஒரு பிரதி அனுப்பினாள்.

அதோடு முடிந்திருந்தால் இது ஒரு கதையே இல்லை. இன்சுலின் எழுதிக் கொடுத்து மூன்றாவது நாள், நோட்டுக்காரி போன் செய்தாள். எட்டு வருடத்தில் அவளாகப் போன் செய்தது இரண்டோ மூன்றோ தடவைதான்.

“அண்ணி, அவரு ஊசியே போட்டுக்க மாட்டேங்கிறார். அக்கா அஞ்சுன்னு சொல்லியிருக்கா, அஞ்சு இருக்கிறவனுக்கு ஊசி போட்டா மயக்கம் போட்டு விழுவான்னு சொல்றாரு. நான்தான் உங்ககிட்ட அழுது மாத்தி எழுத வச்சேனாம். டாக்டர் சொல்லியும் கேக்கல.”

அக்கா அன்று சாயங்காலம் தம்பி வீட்டுக்குப் போனாள்.

மாடி வீடு, இரண்டே அறை. தம்பி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான், டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பழகிய முதுகு. மேசையில் ஊசிப் பேனா பெட்டி பிரிக்காமல் இருந்தது. நோட்டுக்காரி சமையலறை வாசலில் நின்றாள். காபி வேண்டுமா என்று கேட்டாள், அக்கா வேண்டாம் என்றாள்.

“வாக்கா,” என்றான் தம்பி உற்சாகமாக. “நீயே சொல்லு இவகிட்ட. எட்டு வருஷமா நான் கன்ட்ரோல்ல வச்சிருக்கேன். இந்தக் கண்ணு, டீசல் புகையும் வெயிலும். உன் மெஷின் பொய் சொல்லாது.”

“ஊசி போட்டுக்கடா.”

“அப்ப உன் அஞ்சு?”

அக்கா நாற்காலியை இழுத்து அவனுக்கு எதிரே போட்டுக்கொண்டாள். “யூனிபார்ம் சட்டையை நாலு மாசம் துவைக்காமப் போட்டா காலர்ல எவ்வளவு அழுக்கு சேரும்? அந்த அழுக்கைப் பாத்து ரோட்டுல எவ்வளவு தூசின்னு சொல்லிடலாம். அதுதான் நான் பண்ற டெஸ்ட்டு. உன் உடம்பு மாசா மாசம் சட்டையைக் கழட்டிப் போட்டுடுது. புதுச் சட்டையில அழுக்கு எங்க இருக்கும்? அதைப் பாத்துட்டு ரோடு சுத்தம்னு எழுதிக் குடுத்தேன்.”

“மாசா மாசம் எதுக்குக் கழட்டுது?”

“உன் சிவப்பணுக்கள் எல்லாம் உருண்டை. பிறவியிலேயே. சீக்கிரம் இறுகிப் போய் மண்ணீரல்ல மாட்டிச் சாவுது. அந்தச் சாவுதான் உன் கண்ணுல மஞ்சளா நிக்குது. அப்பாவுக்கும் இதான். உன் பொண்ணுக்கும் பாக்கணும்.”

தம்பி யோசித்தான். பஸ்ஸில் ஏதோ சத்தம் கேட்டால் எந்தப் பக்கம் என்று காது கொடுப்பவனைப் போல யோசித்தான்.

“சரி. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. நீ குடுத்த நம்பர் சரியா, தப்பா?”

“நம்பர் சரிதான். உனக்கு அது…”

“சுத்தி வளைக்காதக்கா. சரியா, தப்பா?”

முப்பத்தோரு வருடத்தில் அவள் அந்தச் சொல்லைத் தன் அறிக்கை ஒன்றைப் பற்றிச் சொன்னதில்லை. இப்போது அவள் எப்படிச் சொன்னால் அவன் ஊசியைத் தொடுவான் என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. அவன் அவளை நம்புகிற வரைக்கும் தொடமாட்டான்.

“தப்பு,” என்றாள். “இருபத்து நாலும் தப்பு. உன் பொண்டாட்டி எழுதினது எல்லாம் சரி. அவ நோட்டோட வரும்போதெல்லாம் நான் கேலி பண்ணி அனுப்பினேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை உன் ரத்தத்தைக் கண்ணாடியில போட்டுப் பாத்திருந்தா போதும். பாக்கல. என் தம்பி ரத்தத்துல என்ன இருந்துடப் போவுதுன்னு இருந்துட்டேன். என்னை நம்பாதடா.”

கீழே தெருவில் ஒரு பஸ் கியர் மாற்றி ஏறியது. தம்பி அதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

“ரெண்டு வருஷம் முன்னாடியே இவ ஊசி போட்டுக்கலாம்னா,” என்றான் கடைசியில். “டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போனா. நான் உன் பேப்பரைக் காட்டி இவளை அவர் முன்னாடியே பைத்தியக்காரின்னு சொன்னேன். ரெண்டு கண்ணும் இருந்துச்சு அப்போ.”

அழக் கூடாது என்று அவள் முடிவு செய்திருந்தாள், அழுதால் அவன் அவளைத் தேற்ற வேண்டியிருக்கும். எழுந்து அவனுக்கு இடப்பக்கமிருந்த ஜன்னல் ஓரமாகப் போய் நின்றாள்.

நோட்டுக்காரி வந்து பெட்டியைப் பிரித்தாள். ஜெயித்தவளின் முகமாக அது இல்லை. பல வருடத் தூக்கம் பாக்கி இருப்பவளின் முகமாகத்தான் இருந்தது. மருத்துவமனை நர்ஸ் சொல்லிக் கொடுத்தபடி புது ஊசியைப் பேனாவில் திருகி, இரண்டு யூனிட் காற்றில் விட்டுப் பார்த்துவிட்டு, பத்துக்குத் திருப்பினாள்.

“சட்டையைத் தூக்குங்க,” என்றாள்.

அவன் தூக்கினான். வயிற்றுச் சதையைப் பிடித்துக் குத்தி, அழுத்தி, பத்து வரை வாய்க்குள் எண்ணி எடுத்தாள்.

“இவ்வளவுதானா?”

“இவ்வளவுதான்.”

சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டு அவன் நேரே சுவரைப் பார்த்தபடி சொன்னான்: “இனிமே எனக்கு அக்கா ரத்தம் எடுக்க வேண்டாம். வேற எங்கயாவது எடுத்துக்கலாம்.”

“சரிங்க,” என்றாள் மனைவி.

சிறிது நேரம் கழித்துக் குரலைத் தாழ்த்தி, “போயிட்டாளா?” என்று கேட்டான்.

அக்கா போகவில்லை. அவனுக்கு இடப்பக்கம், பார்வை போன கண்ணின் பக்கம், கை நீட்டினால் தோளைத் தொடும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். நோட்டுக்காரி அவளைப் பார்த்தாள்.

“இல்லடா,” என்றாள் அக்கா. “இங்கதான் நிக்கிறேன்.”

அவளைப் பார்ப்பதற்கு அவன் கழுத்தை முழுதாகத் திருப்ப வேண்டியிருந்தது.